முன்னாள் மேலாளரிடம் என்ன கேட்பது? “நல்ல பையன்” என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை

பட்டறைவாசல் | 3 பிப்ரவரி, காலை 9.40

கோவை குறிச்சியில் கம்ப்ரஸர் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. தரப்பிரிவுக்குப் பொறியாளர் ஒருவரை எடுக்க வேண்டும். நேர்காணல் எல்லாம் முடிந்து ஒருவர் மட்டும் மிச்சம் நிற்கிறார். அவருடைய பயோடேட்டாவில் ஒரு வரி எங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது: “சிலிண்டர் துளை லைனில் ரிஜெக்‌ஷனை 8 மாதங்களில் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்குக் குறைத்தேன்.” எங்களுக்கும் அதே தலைவலிதான்.

அவர் கொடுத்த எண்ணில் அவருடைய முன்னாள் மேலாளரிடம் பேசினேன். “நல்ல பையன், நன்றாக உழைப்பான், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அந்த வரி உண்மைதானா என்பது எனக்கு இன்னும் தெரியாது. மறுபடி அழைப்பது முறையாகுமா? அழைத்தால் எதைக் கேட்பது?

ஓசூர் மனிதவளம் | 3 பிப்ரவரி, காலை 11.15

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எழுதவில்லை. “ஆள் எப்படி?” என்று கேட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். ஆளைப் பற்றிக் கேட்டால் குணத்தைப் பற்றித்தான் பதில் வரும். பிரிந்து போனவரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அவர் செய்ததாகச் சொல்லும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அந்த வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

மறுபடி அழைப்பதில் தவறில்லை. ஆனால் இந்த முறை முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்தப் பதவிக்கு, எந்தக் காலத்து வேலையைப் பற்றி, பேசுவதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று மூன்றே வரிகள் போதும். 15 நிமிடம் கேட்டால் கொடுப்பார்கள். மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் அழைக்காதீர்கள்.

இன்னொன்று. சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றில் மேலாளரின் நேரத்தை வீணடிக்க வேண்டாம். விண்ணப்பித்தவரே தம் பி.எஃப். கணக்கில் நுழைந்து பணி விவரத்தைக் காட்டிவிடலாம். ரிலீவிங் லெட்டரும் இருக்கும். மேலாளருக்கு மட்டுமே தெரிந்ததை மேலாளரிடம் கேளுங்கள்.

சட்டப்புத்தகம் | 3 பிப்ரவரி, பிற்பகல் 1.05

எச்சரிக்கையாக இருங்கள். முன்னாள் ஊழியரைப் பற்றி மேலாளர் ஒரு குறை சொன்னால் அது அவதூறு ஆகும்; பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. அதனால்தான் எல்லோரும் “நல்ல பையன்” என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு உண்மை கிடைக்கப் போவதில்லை.

ஓசூர் மனிதவளம் | 3 பிப்ரவரி, பிற்பகல் 2.30

சட்டப்புத்தகம் சொல்வதில் பாதி சரி. அதே பிரிவில் விதிவிலக்குகளும் இருக்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தின் 499-இல் இருந்தவைதான் இதிலும் வந்திருக்கின்றன. தன் நலனையோ பிறர் நலனையோ காப்பதற்காக நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது அவதூறு ஆகாது என்பது ஒன்பதாவது விதிவிலக்கு. அதற்குச் சட்டமே தரும் உதாரணத்தில், ஒரு கடைக்காரர் தம் வியாபாரத்தைக் கவனிப்பவரிடம் “அவர் ரொக்கம் கொடுத்தாலன்றி எதையும் விற்காதே, அவருடைய நேர்மையில் எனக்கு நம்பிக்கையில்லை” என்கிறார். எனவே வாயைத் திறந்தாலே குற்றம் என்பது இல்லை. ஆனால் நல்லெண்ணத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு சொன்னவருடையது. ஆகவே பயம் இருக்கத்தான் செய்யும்.

இதனால்தான் நான் மேலாளரிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை, நடந்ததைக் கேட்கிறேன். “அவர் பொறுப்பில்லாதவரா?” என்றால் பயப்படுவார். “அந்த மாத அறிக்கையைத் தயாரித்தது யார்?” என்றால் சொல்லிவிடுவார்.

குரோய்டன்வாசி | 3 பிப்ரவரி, இரவு 11.50

இங்கே பிரிட்டனில் பெரிய நிறுவனங்கள் பலவும் பதவிப் பெயரையும் தேதிகளையும் தவிர வேறெதையும் எழுதித் தருவதில்லை. ஸ்ப்ரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கில் 1994-இல் பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பின்படி, சான்று தருபவர் கவனக்குறைவாக எழுதி ஊழியருக்கு நட்டம் வந்தால் பொறுப்பேற்க வேண்டும். அதன் பிறகு எச்.ஆர். துறைகள் இன்னும் உஷாராகிவிட்டன. உங்களுக்கு மேலாளர் தொலைபேசியில் பேசுகிறார் என்பதே எங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது.

வேலைதேடி | 4 பிப்ரவரி, காலை 8.10

இப்படிப் பழைய மேலாளரைத் துருவித் துருவிக் கேட்பது அநியாயம். என் மேலாளருக்கு என்மேல் கோபம். நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்யாமல் பணம் கட்டிவிட்டு வந்தேன். அதற்காக இரண்டு இடங்களில் என் வாய்ப்பைக் கெடுத்துவிட்டார். இன்னும் வேலையில் இருக்கும்போதே அங்கே அழைத்துக் கேட்டுவிட்டால் ஒருவரின் பிழைப்பு என்ன ஆவது?

பட்டறைவாசல் | 4 பிப்ரவரி, காலை 8.45

வேலைதேடிக்கு: இவர் இப்போது வேலை செய்யும் இடத்தில் நான் யாரையும் அழைக்கவில்லை. அதற்கு முந்தைய நிறுவனத்தின் மேலாளர் இவர். பெயரையும் எண்ணையும் விண்ணப்பித்தவரே கொடுத்தார். அழைக்கலாமா என்று கேட்டு மின்னஞ்சலில் சம்மதமும் வாங்கியிருக்கிறேன்.

ஓசூர் மனிதவளம் | 4 பிப்ரவரி, காலை 9.30

வேலைதேடி சொல்லும் கோபம் நடக்கக்கூடியதே. அதனால்தான் ஒரே மேலாளரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. விலகிய விதத்தைப் பற்றி மேலாளர் பேச ஆரம்பித்தால், “அது எனக்குத் தெரியும், அவரே சொல்லிவிட்டார், அந்த லைனில் செய்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று திருப்பிவிட வேண்டும். கோபக்காரர்கூட நடந்த வேலையை மாற்றிச் சொல்வது குறைவு. தொனியில்தான் கோபம் தெரியும்.

பட்டறைவாசலுக்கு: எண்ணை அவரே கொடுத்தார் என்றீர்கள். பேசியவர் மேலாளர்தான் என்பது எப்படித் தெரியும்? நண்பனை மேலாளராகப் பேச வைத்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைத்து, பெயரைச் சொல்லி இணைக்கச் சொல்லுங்கள். அவர் அங்கிருந்து போய்விட்டிருந்தால், இப்போதிருக்கும் இடத்தின் அலுவலக மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி பதில் கேளுங்கள்.

பழைய ஃபோர்மேன் | 4 பிப்ரவரி, மாலை 6.20

இத்தகைய அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் நான் பல ஆண்டுகள் இருந்தவன். ஓசூர்க்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அழைப்பவர்கள் பயோடேட்டாவில் உள்ள வரியை அப்படியே படித்துக் காட்டி “இது உண்மையா?” என்று கேட்பார்கள். நானும் “ஆமாம்” என்றுதான் சொல்வேன். மூன்று வருடத்துக்கு முன் நடந்த சதவீதம் யாருக்கு நினைவிருக்கும்? ஒருவன் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டாம் என்றும் தோன்றும்.

ஒரே ஒருவர் வேறு மாதிரிக் கேட்டார். “அவர் உங்களிடம் இருந்த காலத்தில் அந்த லைனில் என்ன மாறியது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நானாக யோசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்த பிறகே தன்னிடம் இருந்த வரியைப் படித்தார். இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

ஓசூர் மனிதவளம் | 4 பிப்ரவரி, இரவு 7.05

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வரியைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். ஃபோர்மேன் சொன்னதை வைத்து வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் “அவர் உங்களிடம் நேரடியாக எவ்வளவு காலம் வேலை பார்த்தார், அப்போது அவருக்கு என்ன பொறுப்பு?” என்று கேளுங்கள். நிறுவனத்தில் 3 வருடம் இருந்தவர் இந்த மேலாளரிடம் 7 மாதம் மட்டும் இருந்திருக்கலாம்; அதற்கு வெளியே நடந்ததைப் பற்றி அவர் சொல்வது கேள்விப்பட்டதாகவே இருக்கும். அடுத்தது, துளை லைனில் அந்தக் காலத்தில் என்ன மாறியது. மூன்றாவது கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்: காரணத்தைக் கண்டுபிடித்தது யார், மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது யார், ஷிப்டில் நின்று நடத்திக் காட்டியது யார்? “நான் குறைத்தேன்” என்பதற்குள் இந்த மூன்றும் ஒளிந்திருக்கும். கடைசியாக, அவர் எங்கே தடுமாறினார், நீங்கள் எப்போது உள்ளே வர வேண்டியிருந்தது. இவ்வளவு போதும். ஐந்தாவது கேள்விக்கு வரும் பதில் களைத்துப்போன பதிலாகத்தான் இருக்கும்.

திருமணம், பிள்ளைகள், சாதி, உடல்நலம் எதையும் தொடாதீர்கள். மேலாளரே ஆரம்பித்தாலும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

குரோய்டன்வாசி | 5 பிப்ரவரி, அதிகாலை 1.20

“மறுபடி அவரை வேலைக்கு எடுப்பீர்களா?” என்ற கேள்வியை விட்டுவிட்டீர்களே? எல்லோரும் அதைத்தான் முக்கியம் என்கிறார்கள்.

ஓசூர் மனிதவளம் | 5 பிப்ரவரி, காலை 9.00

வேண்டுமானால் கேட்கலாம். ஆனால் விலகியவரைத் திரும்ப எடுப்பதில்லை என்று கொள்கை வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே “இல்லை” என்பது ஆளைப் பற்றிய பதிலே அல்ல. “எந்த வேலைக்கு எடுப்பீர்கள்?” என்று கேட்டால் ஓரளவு பயன் உண்டு.

பட்டறைவாசல் | 6 பிப்ரவரி, மாலை 5.30

நிறுவனத்தின் பொது எண் வழியாகப் போனேன். அதே குரல்தான், மேலாளர் உண்மையானவர். இந்த முறை வரியைப் படிக்காமல் பேசினேன். அவர் சொன்னதைக் கூடியவரை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

அவரிடம் இவர் நேரடியாக வேலை செய்தது 14 மாதங்கள். லைனில் என்ன மாறியது என்றதும் சற்று யோசித்துவிட்டு, “பிற்பகல் ஷிப்டில் துளை சிறியதாகப் போகிறது என்று ஒரு தொல்லை இருந்தது, அதைப் பிடித்தது அவர்தான்” என்றார். ஹோனிங் முடிந்து சூட்டோடு வரும் பாகத்தை ஆபரேட்டர் அங்கேயே அளந்து சரி என்று அனுப்புவாராம். இறுதிப் பரிசோதனைக்கு வருவதற்குள் அது ஆறிச் சுருங்கி அளவுக்குக் கீழே போய்விடும். இவர் ஒரே பாகத்தைச் சூட்டில் ஒருமுறையும் ஆறிய பிறகு ஒருமுறையும் அளந்து, இரண்டையும் எழுதி வந்து காட்டினாராம்.

ஆனால் சதவீதத்தைக் கேட்டபோது, “எங்கள் லைனில் 4 சதவீதமெல்லாம் ஒருநாளும் இருந்ததில்லை, ஒன்றரையைத் தாண்டியதில்லை” என்று உறுதியாகச் சொன்னார். இப்போது என்ன செய்வது? ஒரு பக்கம் விவரம் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது, இன்னொரு பக்கம் எண் பொய்யாக இருக்கிறது.

சட்டப்புத்தகம் | 6 பிப்ரவரி, மாலை 6.00

எண்ணில் பொய் சொன்னவரைத் தரப்பிரிவில் வைப்பதா? அங்கே வேலையே எண்தான். விட்டுவிடுங்கள்.

பழைய ஃபோர்மேன் | 6 பிப்ரவரி, இரவு 8.15

அவசரப்படாதீர்கள். வார்ப்பிரும்பில் 80 மில்லிமீட்டர் துளை, 10 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ 8 மைக்ரான் விரியும். எச்6 என்று வரைபடத்தில் போட்டிருந்தால் மொத்த அனுமதியே 19 மைக்ரான்தான். ஆகவே அவர் சொன்ன கதை நடக்கக்கூடிய கதை. லைனில் நிற்காதவருக்கு அது தோன்றாது.

எண்ணுக்கு வருகிறேன். துளை சிறியதாகப் போன பாகம் குப்பைக்குப் போகாது. மறுபடி ஹோனிங் செய்து அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். பெரிதாகப் போனால்தான் வீண். மேலாளர் மாதா மாதம் பார்ப்பது வீணாகத் தூக்கிப் போட்ட கணக்கு. தரப்பிரிவில் இருப்பவர் பார்ப்பது முதல் முறையிலேயே தேறாத எல்லாவற்றின் கணக்கு. அதில் ரீவொர்க்கும் சேரும். இரண்டு பேரும் உண்மை சொல்லியிருக்கலாம். இருவரிடமும் “எந்தக் கணக்கு?” என்று கேட்டீர்களா?

பட்டறைவாசல் | 6 பிப்ரவரி, இரவு 8.40

கேட்கவில்லை.

ஓசூர் மனிதவளம் | 7 பிப்ரவரி, காலை 9.10

ஃபோர்மேன் சொன்னது என் தொழிலுக்கு வெளியே இருப்பது, எனக்குத் தோன்றியிருக்காது. மேலாளருக்கு மின்னஞ்சலில் ஒரே கேள்வி அனுப்புங்கள்: “ஒன்றரை சதவீதம் என்று நீங்கள் சொன்னதில் ரீவொர்க் சேருமா?” விண்ணப்பித்தவரிடம் தனியாக, “அந்த 4 சதவீதத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள்?” என்று கேளுங்கள். மேலாளர் என்ன சொன்னார் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அந்தப் பதிலுக்கு ஏற்றபடி விளக்கம் வரும்.

வேலைதேடி | 7 பிப்ரவரி, காலை 10.00

மேலாளர் சொன்னதை மறைப்பது சரியா? என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஓசூர் மனிதவளம் | 7 பிப்ரவரி, காலை 10.25

பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதனால்தான் கணக்கு எப்படி என்று அவரையே கேட்கச் சொன்னேன். மேலாளரின் வார்த்தைகளை அப்படியே எடுத்துச் சொன்னால் அடுத்தமுறை அவர் யாருக்கும் வாய் திறக்க மாட்டார். இது எனக்கே முழு நிறைவு தரும் பதில் இல்லை.

பட்டறைவாசல் | 10 பிப்ரவரி, பிற்பகல் 12.15

இரண்டு பதில்களும் வந்துவிட்டன. மேலாளர் எழுதியது: “ரீவொர்க் சேராது, ஸ்கிராப் மட்டும்.” விண்ணப்பித்தவர் சொன்னது: ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் பரிசோதனையில் நின்ற பாகங்களை ஆய்ந்த மொத்தத்தால் வகுத்தார், ரீவொர்க்கில் தேறியவையும் அதில் அடக்கம். கேட்டதும் தயங்காமல் சொன்னார். ஃபோர்மேன் சொன்னபடியேதான்.

அதே மின்னஞ்சலில் மூன்றாகப் பிரித்த கேள்வியையும் மேலாளருக்கு அனுப்பியிருந்தேன். காரணத்தைக் கண்டது இவர். ஆறவைக்கும் ஸ்டாண்டு வைத்து 30 நிமிடம் கழித்தே அளக்க வேண்டும் என்று முடிவெடுத்தது மேலாளரும் உற்பத்திப் பிரிவும். ஏர் கேஜ் வாங்கியது நிர்வாகம். நடத்திக் காட்டுவதில்தான் சிக்கல்: இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் “அரை மணி நேரம் காத்திருந்தால் என் எண்ணிக்கை போகும்” என்று மறுத்தபோது இவர் சண்டை போட்டுவிட்டு விலகிக்கொண்டாராம், மேலாளரே இறங்கிப் பேச வேண்டியிருந்ததாம்.

சட்டப்புத்தகம் | 10 பிப்ரவரி, பிற்பகல் 1.00

எண்ணைப் பற்றி நான் சொன்னது பொருந்தவில்லை, சரி. ஆனால் “குறைத்தேன்” என்று எழுதியவர் கண்டுபிடித்தது மட்டும்தான். அது மிகை இல்லையா?

பழைய ஃபோர்மேன் | 10 பிப்ரவரி, மாலை 6.45

பயோடேட்டாவில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். “காரணத்தைக் கண்டேன், மற்றவர்கள் மாற்றினார்கள்” என்று எழுதினால் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து எழுதி வந்து காட்டியவர் எனக்குப் போதும். சூப்பர்வைசரோடு மோதுவது 28 வயதில் எல்லோருக்கும் நடப்பது.

ஓசூர் மனிதவளம் | 10 பிப்ரவரி, இரவு 7.30

ஃபோர்மேனோடு இதில் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். உங்கள் பட்டறையில் தரப்பிரிவுக்கு ஆதரவாக இறங்கிப் பேச அப்படி ஒரு மேலாளர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அங்கே அவர் வெற்றி பெற்றதில் பாதி மேலாளருடையது. நீங்கள் எதிர்பார்ப்பது கண்டுபிடிப்பவரையா, ஷிப்டுகளை வளைத்து நடத்துபவரையா?

பட்டறைவாசல் | 10 பிப்ரவரி, இரவு 9.05

கண்டுபிடிப்பவர்தான் எங்களிடம் இல்லை. ஷிப்டை வளைப்பதற்கு என் தம்பி இருக்கிறான். அதில் அவனுக்குக் குறைவே இல்லை.

குரோய்டன்வாசி | 11 பிப்ரவரி, அதிகாலை 12.40

இன்னும் ஒரு மேலாளரிடமோ சக ஊழியரிடமோ கேட்கப் போவதில்லையா? ஓசூர்க்காரர் ஒருவரை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றாரே.

பட்டறைவாசல் | 14 பிப்ரவரி, காலை 10.10

கேட்டேன். அந்த இரவு ஷிப்ட் சூப்பர்வைசரின் பெயரை விண்ணப்பித்தவரிடமே கேட்டேன். முகம் சுளித்தாலும் கொடுத்தார், அழைக்கவும் சம்மதித்தார். சூப்பர்வைசரிடமும் அதே கேள்விகள்தான். “வேலை தெரிந்தவர், பேசத் தெரியாதவர். அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனால் என் ஆட்கள் முன்னால் சொன்னதுதான் பிடிக்கவில்லை” என்றார். இதைவிடத் தெளிவாக மேலாளர்கூடச் சொல்லவில்லை.

பணி உத்தரவு அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு விஷயம் தீரவில்லை. பி.எஃப். விவரத்தில் சேர்ந்த தேதி பயோடேட்டாவில் உள்ளதைவிட 5 மாதம் தள்ளி இருக்கிறது.

ஓசூர் மனிதவளம் | 14 பிப்ரவரி, காலை 10.50

முதல் 5 மாதம் ஒப்பந்ததாரர் பெயரில் இருந்தாரா என்று கேளுங்கள். அப்படியானால் அந்தக் காலத்துக்கு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் இன்னொரு பி.எஃப். உறுப்பினர் எண் இருக்கும். பழைய எண் இணைக்கப்படாமல் இருந்தால் பணி விவரத்தில் தெரியாது. அந்த நிறுவனம் பி.எஃப். கட்டவே இல்லை என்றால் வங்கிக் கணக்கில் வந்த சம்பள வரவைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் உத்தரவில் ‘விவரங்கள் சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்ற வரி இருக்கிறதா?

பட்டறைவாசல் | 14 பிப்ரவரி, காலை 11.30

இருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.